முதலாவது பிறந்தநாளுக்கு முன்னும் பின்னும்: குழந்தைக்கு எவ்வளவு பசுப்பால்?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற தாய்சேய் நல அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்குத் தலைப்புத் தேடி நாம் அலையவில்லை. தலைப்பு தொலைபேசியில் வந்தது. எமக்குப் பல ஆண்டுகள் முன்னே படித்த அக்கா ஒருவர் ஒரு நாள் இரவு அழைத்தார். ஊரில் இருக்கிறார், வீட்டில் பசு இருக்கிறது.

“தங்கச்சி, பேரனுக்கு எட்டு மாசம். பசு கண்டு போட்டு நிக்குது, நல்ல தடிச்ச பால். மருமகள் ஒரு சொட்டும் குடுக்க விடுறாள் இல்லை. கிளினிக்கிலை ஒரு வயசுக்குப் பிறகுதான் எண்டு சொன்னவையாம். நாங்கள் எல்லாரும் பசுப்பால் குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்? எங்களுக்கு என்ன நடந்தது?”

அக்காவின் கேள்வி நியாயமானது. “கிளினிக்கில் சொன்னார்கள்” என்பது அதற்குப் பதிலாகாது. ஏன் சொன்னார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான், ஒரு வயதுக்குப் பிறகு என்ன செய்வது என்பதும் விளங்கும். எமது அனுபவத்தில் தவறு கூடுதலாக நடப்பது அந்த இரண்டாவது கட்டத்தில்தான். அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பசுப்பால் என்று நாம் இங்கே சொல்வது மாட்டுத் தொழுவத்திலிருந்து செம்பில் வருவதை மட்டுமல்ல. கடையில் 400 கிராம் பக்கெற்றில் வாங்கும் முழு ஆடைப் பால்மாவும் பசுப்பால்தான், தண்ணீரை மட்டும் எடுத்துவிட்ட பசுப்பால். “நாங்கள் பசுப்பால் குடுக்கிறேல்லை டொக்டர், பால்மாதான் கரைச்சுக் குடுக்கிறது” என்று ஏழு மாதக் குழந்தையின் தாய் சொல்வதை எமது நாட்டில் கிளினிக் நடத்திய எல்லோரும் கேட்டிருப்போம். கைக்குழந்தைகளுக்கென்றே புரதம், உப்பு, இரும்பு எல்லாவற்றையும் மாற்றித் தயாரிக்கும் குழந்தைப் பால்மா வேறு, வீட்டில் தேநீருக்குப் போடும் பால்மா வேறு. இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருப்பதால் வரும் குழப்பம் இது.

இனி, ஏன் ஒரு வருடம் பொறுக்கிறோம்?

முதற் காரணமும் மிகப் பெரிய காரணமும் இரும்புச்சத்து. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை தாயிடமிருந்து ஓர் இரும்புச் சேமிப்புடன் வருகிறது. வங்கியில் போட்டு வைத்த பணம் மாதிரி அதை எடுத்தெடுத்துச் செலவழித்து நான்கு முதல் ஆறு மாதம் வரை ஓட்டிவிடும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கும் அந்தச் சேமிப்பு இன்னும் சிறியது. ஆறாம் மாதத்துக்குப் பின் செலவு கூடுகிறது, ஏனென்றால் பிள்ளை வளரும் வேகத்துக்குக் குருதியும் கூட வேண்டும். அந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.8 மில்லிகிராம் இரும்பு குருதிக்குள் போய்ச் சேர வேண்டும். சாப்பிடும் இரும்பில் சிறு பங்குதான் உள்ளே போகும் என்பதால், உணவில் 11 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது.

பசுப்பாலில் எவ்வளவு இருக்கிறது? ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம் அளவில், சில வேளை அதற்கும் குறைவு. தாய்ப்பாலிலும் இரும்பு குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மை, அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தாய்ப்பாலில் உள்ள இரும்பில் பாதி வரை குடலில் உறிஞ்சப்படுகிறது. பசுப்பாலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான். அதோடு பசுப்பாலில் நிறைந்திருக்கும் கல்சியமும் கேசீன் என்ற புரதமும், கூடச் சாப்பிடும் சோற்றிலும் பயற்றிலும் உள்ள இரும்பையும் உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. ஆகவே பசுப்பால் தன் பங்குக்குக் கொடுக்காததோடு நிற்பதில்லை, மற்றவர் கொடுப்பதையும் மறிக்கிறது.

இதற்கு மேல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் நடக்கிறது. கைக்குழந்தையின் குடலுக்கு மாற்றம் செய்யாத பசுப்பால் போகும்போது, சில பிள்ளைகளின் குடலிலிருந்து குருதி மிகச் சிறிய அளவில் கசிகிறது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஃபோமனும் எக்கார்ட் சீக்ளரும் பல ஆண்டுகளாகக் கைக்குழந்தைகளின் மலத்தைச் சோதித்து இதைக் காட்டினார்கள். ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே ஏறக்குறைய 40 வீதமானோருக்கு இந்தக் கசிவு உண்டு, வயது கூடக் கூடக் குறைந்து ஒரு வயதுக்குப் பின் நின்றுவிடுகிறது என்று சீக்ளர் எழுதினார். மலத்தின் நிறம் மாறாது, பிள்ளை அழாது, தாய்க்கு ஒன்றும் தெரியாது.

அவ்வளவு சிறிய கசிவு என்ன செய்துவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எமது கணித ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பிள்ளை ஒரு நாளில் உள்ளே எடுக்க வேண்டியது 0.8 என்று சொன்னோம். தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு குருதி போனாலே அந்த நாளின் தேவையில் பாதி வெளியே போகிறது.

மலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தமோ சளியோ வந்தால், அல்லது பால் குடித்தவுடன் வாந்தி, உடம்பில் தடிப்பு வந்தால், அது பசுப்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அது வேறு விடயம், வைத்தியர் பார்க்க வேண்டும். இன்று நாம் பேசுவது எந்த நோயும் இல்லாத சாதாரணப் பிள்ளைகளைப் பற்றி.

இரண்டாவது காரணம் சிறுநீரகம். பசுப்பால் கன்றுக்காகச் சுரப்பது. கன்று பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காக இரண்டு மாதம் தேவையில்லை, எமது பிள்ளைக்கு நாலைந்து மாதம் வேண்டும். அந்த வேகத்துக்கேற்பப் பசுப்பாலில் புரதமும் உப்பும் தாய்ப்பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உடம்புக்குத் தேவைப்படாத மிச்சத்தைச் சிறுநீரகம் தண்ணீரோடு சேர்த்து வெளியே அனுப்ப வேண்டும். பிள்ளை சுகமாக இருக்கும் நாளில் அது சமாளிக்கும். சித்திரை வெயிலில் காய்ச்சலோடு வயிற்றோட்டமும் வந்தால், வெளியேறும் தண்ணீர் ஒரு பக்கம், சிறுநீரகம் கேட்கும் தண்ணீர் மறுபக்கம். அப்படிப்பட்ட பிள்ளை வேகமாக வறண்டுபோகும். வயது கூடக் கூட இந்தப் பயம் குறைகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இது மிகவும் கடுமையான விடயம்.

“அப்ப தண்ணி கலந்து குடுத்தால்?” என்று அக்கா கேட்டார். எங்கள் அம்மம்மாமார் அப்படித்தான் செய்தார்கள், பாதிக்குப் பாதி தண்ணீர், கொஞ்சம் சீனி. அவர்களுக்கு விடயம் விளங்கியிருந்தது, பால் பிள்ளைக்குக் கடுமை என்று கண்டுபிடித்துத்தான் கலந்தார்கள். உப்பும் புரதமும் அதனால் குறைந்தன. ஆனால் கொழுப்பும் குறைந்தது, இரும்பு இல்லாத இடத்தில் தண்ணீர் இரும்பைக் கொண்டுவரவில்லை. காய்ச்சினால் கிருமி சாகும். கட்டாயம் காய்ச்ச வேண்டும், பச்சைப் பால் எந்த வயதுக்கும் வேண்டாம். காய்ச்சியதால் அது கைக்குழந்தையின் பாலாக மாறிவிடாது.

“எங்களுக்கு என்ன நடந்தது” என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: யாரும் அளந்து பார்க்கவில்லை. அன்றைக்குப் பிள்ளை வெளிறி இருந்தால் “வெள்ளைப் பிள்ளை” என்று சந்தோஷப்பட்ட வீடுகள் உண்டு. எங்களில் பலர் நன்றாகத்தான் வளர்ந்தோம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் கொஸ்தாரிக்காவில் பெற்சி லொசொவ் என்ற குழந்தை வைத்திய நிபுணர், கைக்குழந்தையாய் இருந்தபோது நீண்ட காலம் கடுமையான இரும்புக் குறைபாட்டோடு இருந்த பிள்ளைகளைப் பதின்ம வயது வரை தொடர்ந்து பார்த்தார். குருதி சரியாகிப் பத்து வருடங்களுக்குப் பின்னும் படிப்பிலும் கவனத்திலும் அவர்கள் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். வறுமை போன்ற வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் மூளை வேகமாக வளரும் அந்த இரண்டு வருடத்தில் இரும்பை விட்டுப் பார்க்க எந்த வைத்தியருக்கும் துணிவு வராது.

சரி, ஒரு வயதுக்கு முன் என்ன? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு உணவு, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு 12 மாதம் வரை குழந்தைப் பால்மா. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், தாய்ப்பால் கிடைக்காத 6 முதல் 11 மாதப் பிள்ளைக்குக் குழந்தைப் பால்மாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்று இருக்கிறது. இதைப் படித்துவிட்டு இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சில தங்கைமார் “அப்ப நீங்கள் சொல்வது பழசா?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வழிகாட்டல் உலகம் முழுவதற்கும் எழுதப்பட்டது. குழந்தைப் பால்மா வாங்க முடியாத வீடு, வாங்கினாலும் சுத்தமான தண்ணீர் இல்லாத வீடு, எல்லாவற்றையும் மனதில் வைத்தது. பால்மாவுக்கு நாம் வரிசையில் நின்ற காலம் இன்னும் மறக்கவில்லை. வேறு வழியில்லாத வீட்டுக்கு, ஆறு மாதத்துக்குப் பின் காய்ச்சிய பசுப்பாலை அளவாகக் கொடுத்து, இரும்பை வேறு வழியில் சேர்ப்பது பட்டினியைவிட எவ்வளவோ மேல். வழி இருக்கும் வீட்டுக்கு ஒரு வருடம் பொறுப்பதே நல்லது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடிபாலாகப் பசுப்பால் தொடங்குவதைப் பிற்போடவே சொல்கிறார்கள். பெரும்பாலும் 12 மாதம், கனடாவில் 9 முதல் 12 மாதம்.

குடிபாலாக என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் சோற்றில் ஒரு கரண்டி தயிர் குழைப்பதோ, கிழங்கை மசிக்கும்போது கொஞ்சம் பால் விடுவதோ தடையல்ல. பால் உணவில் ஒரு சேர்மானமாக இருக்கலாம், உணவின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

இனி நாம் கூடுதலாகப் பேச விரும்பிய பகுதி. பிறந்தநாள் கேக் வெட்டியாகிவிட்டது. தடை நீங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

பதினெட்டு மாத ஆண்பிள்ளை. கொண்டுவந்த காரணம் “சாப்பிடுகிறான் இல்லை, மண் தின்கிறான்”. எடை 9.6 கிலோ, வளர்ச்சி அட்டையில் பெரிய குறை இல்லை. கன்னம் கொழுத்திருக்கிறது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தால் தாயின் கைக்குப் பக்கத்தில் காகிதம் மாதிரி வெளிறியிருக்கிறது. கீழ்க் கண்ணிமையின் உட்பக்கமும் அப்படியே. எவ்வளவு பால் குடிக்கிறான் என்று கேட்டோம். “அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர், பசிச்சால் குடுப்பம்.” எத்தனை போத்தல்? “நாலு, அஞ்சு. இரவிலையும் எழும்புவான்.” இப்படிக் கேட்டுச் சரியான கணக்கு வராது. ஆகவே நாம் வேறு விதமாகக் கேட்பதுண்டு: வீட்டில் இவனுக்கு மட்டும் ஒரு 400 கிராம் பால்மாப் பக்கெற் எத்தனை நாளைக்குப் போகும்? தாய் யோசிக்காமலே சொன்னார், “மூண்டு நாள்.”

பக்கெற் பொய் சொல்லாது. சரியான அளவில் கரைத்தால் 400 கிராம் பால்மாவிலிருந்து மூன்று லீற்றருக்குச் சற்று மேல் பால் வரும். மூன்று நாளில் முடிகிறதென்றால் பிள்ளை நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் குடிக்கிறான். அதிலிருந்து மட்டும் 650 கலோரிக்கு மேல். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு கரண்டி சீனி போட்டால் இன்னும் 70, 80. இந்த எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ஏறக்குறைய 770 கலோரிதான். சோற்றுக்கு வயிற்றில் இடம் எங்கே? அவன் சாப்பாட்டை மறுக்கவில்லை, ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்டான். இந்த வயதில் உணவில் 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அந்த ஒரு லீற்றர் சாதாரணப் பாலில் அவனுக்குக் கிடைத்தது அரை மில்லிகிராம்.

வீட்டில் நடந்ததை அம்மம்மா விளக்கினார். பிள்ளை மதியம் சோற்றைத் துப்பினான். “சாப்பிடாட்டிப் பாலையாவது குடிக்கட்டும்” என்று போத்தல் வந்தது. போத்தல் குடித்ததால் பின்னேரம் பசியில்லை, அதற்கும் போத்தல். இரும்பு குறைந்தபோது பசியும் மங்கியது, ஏனென்றால் இரும்புக் குறைபாடே பசியைக் கெடுக்கும். மண், பச்சை அரிசி, சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடத் தொடங்கினான். ஒவ்வொரு போத்தலும் அன்பினால் கொடுத்ததுதான்.

ஈமோகுளோபின் 6.9. குருதிக் கலங்கள் சிறிதாகவும் வெளிறியும் இருந்தன. எமது நாட்டில் இப்படிக் கண்டவுடன் இரும்புக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது, தலசீமியாக் காவிகளிலும் குருதிக் கலங்கள் சிறிதாக இருக்கும். இந்தப் பிள்ளையின் ஃபெரிற்றின், அதாவது இரும்புச் சேமிப்பின் அளவு, அடிமட்டத்தில் இருந்தது. பிள்ளை விளையாடிக்கொண்டு, இதயம் சிரமப்படாமல் இருந்ததால் குருதி ஏற்றவில்லை. மெதுவாகக் குறைந்த குருதிக்கு உடம்பு பழகிக்கொள்ளும், அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வைத்தியம் இரண்டு பகுதி. முதலாவது இரும்புப் பாணி, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் இரும்பு என்ற கணக்கில் நாளுக்கு ஒரு தடவை. அதைப் பாலோடு கொடுக்கக் கூடாது. தோடம்பழச் சாற்றோடு கொடுத்தால் நல்லது. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். இந்த அளவைப் பார்த்து யாரும் வீட்டில் தாமாக ஊற்ற வேண்டாம். போத்தலின் வெளியே எழுதியிருப்பது சில வேளை இரும்பு உப்பின் எடை, சில வேளை இரும்பின் எடை, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். அம்மாவின் இரும்புக் குளிசைகளையும் பிள்ளைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். இனிப்பு என்று நினைத்து விழுங்கிய பிள்ளைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது பகுதி பாலைக் குறைப்பது. மருந்தைவிட அது கடினம். மருந்து மட்டும் கொடுத்துப் பாலை விட்டுவைத்தால், பாணி முடிந்த சில மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு நாம் சொன்னது: நாளுக்கு 500 மில்லிலீற்றர், அதற்கு மேல் இல்லை. போத்தலை எடுத்துவிட்டுக் கோப்பை. சாப்பாட்டுக்கு முன் பால் இல்லை, பின்னர்தான். முதலில் இரவுப் போத்தலை நிறுத்துவது, அது பல்லையும் அரிக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பறிக்காமல் பத்து நாளில் படிப்படியாக. முதல் மூன்று, நான்கு நாள் பிள்ளை அழுவான், சாப்பிடவும் மாட்டான். தாய்மார் உடைந்துபோவது அந்த மூன்றாம் நாளில்தான். இதை முன்கூட்டியே சொன்னால் பாதிப் பேர் தாண்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையான பசி வரும். இந்த வீட்டில் ஐந்தாம் நாள் மத்தியானம் நெத்தலியும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்று அம்மம்மாவே எமக்குச் சொன்னார்.

நெத்தலி, மீன், கோழி ஈரல், இறைச்சி ஆகியவற்றின் இரும்பு நன்றாகச் சேரும். மரக்கறி வீடென்றால் பயறு, பருப்பு, கடலை, கீரை, அவற்றோடு கொய்யாவோ தேசிக்காய்ச் சாறோ சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த இரும்பில் கொஞ்சம்தான் உள்ளே போகும். பிள்ளைக்குத் தேநீர் வேண்டாம். பால்தேநீர் என்றால் பாலும் தேயிலையும் இரண்டுமே இரும்பை மறிக்கும். கிளினிக்கில் நுண்போசணைத் தூள் தந்தால் அதை அலுமாரியில் வைக்காமல் சோற்றில் போடுங்கள்.

நான்காவது கிழமையில் ஈமோகுளோபின் 9.3. மூன்றாம் மாதம் 11.6. அதோடு பாணியை நிறுத்தவில்லை, சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மாதம் கொடுத்தோம். ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஓர் அலகாவது கூடாவிட்டால் மருந்து போகவில்லை, அல்லது பால் குறையவில்லை, அல்லது வேறு நோய் இருக்கிறது என்று திரும்பத் தேட வேண்டும்.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பாலை நாம் கொடுப்பது முக்கியமாகக் கல்சியத்துக்காகவும் புரதத்துக்காகவும். 500 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. அமெரிக்கப் பரிந்துரை ஒன்று முதல் மூன்று வயதுக்கு 700 கேட்கிறது, மிச்சம் சாப்பாட்டில் வந்துவிடும். பிரித்தானியப் பரிந்துரை 350 மில்லிகிராம்தான் கேட்கிறது, அதனால் அங்கே வாழும் தங்கைமாருக்கு 350 மில்லிலீற்றர் போதும் என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் 480 முதல் 700 வரை என்பார்கள். நாடு நாடாக எண் மாறினாலும் நாளுக்கு ஒரு லீற்றர் கொடு என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கணக்குக்குள் தயிரும் யோகட்டும் சீஸும் அடங்கும். இரண்டு வயது வரை முழு ஆடைப் பால், ஆடை நீக்கியது வேண்டாம். ஒரு வயதுக்குப் பின் தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் பிள்ளைக்கு இந்த அளவும் தேவையில்லை, இரண்டு வேளைத் தயிரே போதுமாக இருக்கலாம். வயதுக்கேற்ற பால் என்று ஒன்று தொடக்கம் மூன்று வயதுக்கு விற்கும் விலை கூடிய மாக்கள் பற்றி வெளிநாட்டிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அவை தேவையில்லை, 2023 வழிகாட்டலும் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை.

சாதாரணப் பால்மா பாவிக்கும் வீட்டுக்கு ஓர் எளிய அளவு: பிள்ளைக்கென்று தனியாக ஒரு 400 கிராம் பக்கெற் வையுங்கள். அது ஆறு நாளுக்குக் குறைவாக வந்தால் பால் கூடிவிட்டது.

எமது அக்காவிடம் அன்றிரவு இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. கடைசியில் அவர் கேட்டார், “சரி தங்கச்சி, அப்ப இந்தப் பாலை என்ன செய்யிறது? நாளுக்கு மூண்டு போத்தல் கறக்குது.”

மருமகள் பால் கொடுக்கும் தாய், அவருக்குக் காய்ச்சிக் கொடுங்கள் என்றோம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். மறுநாள் காலையில் இருந்து மருமகளுக்கு ஒரு ரம்ளர் பால் போகிறது என்று பின்னர் தெரியவந்தது. பேரனுக்குச் சோற்றில் ஒரு கரண்டி தயிர்.